36 பக்கம், 9 தாள், ஒரு வெற்றுப் பக்கம்

போன வெள்ளிக்கிழமை பாட்டுப் புத்தகம் 30 பிரதியும் கைமாறிவிட்டது. மூன்றாவது முயற்சியில்தான் சரியாக வந்தது. முதல் இரண்டும் எங்கே கவிழ்ந்தன என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். அடுத்த வருஷமும் இதே வேலை என் தலையில்தான் விழும்.

எங்கள் புளோக்கில் வெள்ளிக்கிழமை மாலை ஒரு வீட்டில் கூடி முருகன் பாட்டுப் பாடுகிற வழக்கம் உண்டு. தைப்பூசம் நெருங்க நெருங்கக் கூட்டம் சேரும். இதுவரை ஆளுக்கு ஒரு கத்தைத் தாள், மூலையில் ஒரு பின். இரண்டு வாரத்தில் பாதித் தாள் சோபாவுக்கு அடியில் போய்விடும். "தம்பி, சின்னப் புத்தகமா போட்டுக் குடுங்களேன்" என்று குழுவை நடத்தும் அக்கா கேட்டார். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் ஏ5, நடுவில் இரண்டு பின். ஒரு மாலை வேலை என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

அக்கா ஒரு நிபந்தனையும் போட்டார். பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து வேண்டும். பிள்ளைகளில் சிலர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள், தாளத்தோடு ஓட முடியாது. அவர்களுக்கு அதே பாட்டு ஆங்கில எழுத்தில் வேண்டும். புத்தகத்தைத் திறந்தால் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கில எழுத்து. பாட்டியும் பேத்தியும் ஒரே புத்தகத்தைப் பிடித்துப் பாடலாம். மொத்தம் 16 பாட்டு. பிறகு வந்த எல்லாச் சிக்கலுக்கும் இந்த நிபந்தனைதான் மூலம் என்பது அப்போது தெரியவில்லை.

முதல் கோப்பை அலுவலகத்தில் எழுதுவதைப் போல ஏ4 பக்கத்தில், 12 புள்ளி எழுத்தில் செய்தேன். அட்டை ஒரு பக்கம், பொருளடக்கம் ஒரு பக்கம், பாட்டுகள் 32 பக்கம், கடைசியில் வேல் படம் போட்ட பின்னட்டை. ஆக 35. அக்ரோபேட் ரீடரின் அச்சுப் பெட்டியில் `Booklet` என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பக்கங்களை அதுவே இடம் மாற்றி, ஒரு தாளுக்கு இரண்டாக அடுக்கிக் கொடுத்துவிடும். என் லேசர் பிரிண்டர் பழையது, தாளைத் தானாகத் திருப்பாது. அதனால் `Booklet subset` என்ற இடத்தில் முதலில் `Front side only`, பிறகு தாள்களைக் கையால் திருப்பி வைத்து `Back side only`. ஒரே ஒரு பிரதி அடித்தேன், மடித்தேன், பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது எழுத்தின் அளவு. ஏ4 பக்கத்தை ஏ5க்குள் அடைக்கும்போது அகலமும் உயரமும் ஏறக்குறைய 71 சதவீதமாகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளி ஆகிவிட்டது. ஆங்கில எழுத்து அந்த அளவிலும் தாக்குப்பிடித்தது. தமிழில் மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி தூசி மாதிரி ஆகி, சில இடங்களில் காணாமலே போனது. "க்" என்பதும் "க" என்பதும் ஒன்றாகத் தெரிந்தால் பாட்டின் சந்தம் அங்கேயே தடுக்கி விழும். கண்ணாடி போட்ட என் மாமியார் ஒரு வரி படித்துவிட்டு மூடி வைத்துவிட்டார்.

அதனால் கோப்பை முதலிலிருந்தே 148 × 210 மில்லிமீட்டர் அளவில், அதாவது ஏ5ஆகவே மறுபடி அமைத்தேன். தமிழுக்கு 13 புள்ளி, ஆங்கில எழுத்துக்கு 11. மடிப்புப் பக்க ஓரம் 15 மில்லிமீட்டர், வெளி ஓரம் 12. இப்போது இரண்டு ஏ5 பக்கங்கள் ஒரு ஏ4 தாளில் சுருங்காமல் உட்காருகின்றன. கோப்பில் நான் பார்க்கும் அளவுதான் தாளிலும் வரும்.

இரண்டாவது கோளாறு பின்னட்டையில். வேல் படம் பின்னட்டையில் இல்லை, அதற்கு முந்தைய பக்கத்தில், உள்ளே இருந்தது. பின்னட்டை வெறும் வெள்ளை. காரணம் எளிது. மடித்த ஒரு தாளில் நான்கு பக்கம் இருக்கும், ஆகவே புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். நான் கொடுத்தது 35. ஒரு பக்கம் குறைகிறதே என்று மென்பொருள் ஒரு வெற்றுப் பக்கத்தைக் கடைசியில் ஒட்டி 36 ஆக்கிவிட்டது. அதன் கணக்கு சரி. ஆனால் 35ஆம் பக்கம் எனக்குப் பின்னட்டை என்பது அதற்கு எப்படித் தெரியும்?

சரி, வெற்றுப் பக்கத்தை நானே வைக்கிறேன் என்று வேல் படத்துக்கு முன்னால் ஒன்றைச் செருகினேன். இப்போது 36. மறுபடி ஒரு பிரதி. வேல் பின்னட்டைக்கு வந்தது, எழுத்தும் பெரிதாக இருந்தது. வேலை முடிந்தது என்று என் மகளிடம் கொடுத்தேன். அவள் முதல் பாட்டைத் திறந்து, ஒரு முறை புரட்டி, திரும்பவும் முன்னால் புரட்டினாள்.

"அப்பா, பாட்டியோட பக்கமும் என்னோட பக்கமும் ஒண்ணாத் தெரியலையே. நான் பாடணும்னா திருப்பணும், பாட்டி பாடணும்னா திரும்ப இங்க வரணும்."

அட்டை 1ஆம் பக்கம், பொருளடக்கம் 2. அப்படியானால் முதல் பாட்டின் தமிழ் 3, ஆங்கில எழுத்து 4. புத்தகத்தில் ஒற்றைப்படை எண் எப்போதும் வலக்கைப் பக்கம், இரட்டைப்படை இடக்கைப் பக்கம். 3ஐயும் 4ஐயும் சேர்த்துப் பார்க்கவே முடியாது; ஒரே தாளின் முன்னும் பின்னும் அவை. 16 பாட்டும் இப்படியேதான். திரையில் பக்கம் பக்கமாக உருட்டிப் பார்த்த எனக்கு இது உறைக்கவே இல்லை.

அந்த வெற்றுப் பக்கத்தைப் பின்னால் இருந்து எடுத்து, அட்டைக்கு அடுத்து 2ஆம் பக்கமாக வைத்தேன். அவ்வளவுதான். பொருளடக்கம் 3க்குப் போனது, முதல் பாட்டு 4, 5 என எதிரெதிரே உட்கார்ந்தது, கடைசிப் பாட்டு 34, 35, வேல் 36. பக்க எண்ணிக்கையும் ஜோடியும் ஒரே அடியில் சரியாகிவிட்டன. அதே ஒரு வெற்றுப் பக்கம்தான். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இப்போதெல்லாம் ரீடரில் `Two Page View` வைத்து, கூடவே `Show Cover Page in Two Page View` என்பதையும் தட்டிவிட்டுத்தான் பார்க்கிறேன். அந்த இரண்டாவதைத் தட்டாவிட்டால் 1உம் 2உம் ஜோடியாகத் தெரிந்து, தப்பான கோப்பும் சரியானதுபோல் ஏமாற்றும்.

இதற்குப் பிறகாவது மென்பொருள் என்ன அடுக்குகிறது என்பதை நானே புரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. தபால் பெட்டியில் வந்து விழும் விளம்பரத் துண்டுத்தாள்களில் ஒன்பதை எடுத்தேன். ஒன்றன் மேல் ஒன்று வைத்து நடுவில் மடித்து, புத்தகம்போல் புரட்டிக்கொண்டே ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் 1 முதல் 36 வரை எண் போட்டேன். பிறகு மடிப்பைப் பிரித்து ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தால், எந்தத் தாளில் எந்தப் பக்கம் என்பது கண்முன்னே கிடக்கிறது. இடப்பக்கம் முன்புறம், வலப்பக்கம் பின்புறம் என்று குறித்துக்கொண்டேன்:

```
தாள் 1    36 |  1      2 | 35
தாள் 2    34 |  3      4 | 33
தாள் 3    32 |  5      6 | 31
தாள் 4    30 |  7      8 | 29
தாள் 5    28 |  9     10 | 27
தாள் 6    26 | 11     12 | 25
தாள் 7    24 | 13     14 | 23
தாள் 8    22 | 15     16 | 21
தாள் 9    20 | 17     18 | 19
```

இதை உற்றுப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியும். ஒரே புறத்தில் அருகருகே இருக்கும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 37, அதாவது மொத்தப் பக்கத்தோடு ஒன்று. இன்னொன்று, முன்புறத்தின் வலது எண்ணுக்கு நேர் முதுகில் அதற்கடுத்த எண் இருக்கும்: 3இன் முதுகில் 4, 11இன் முதுகில் 12. இந்த இரண்டாவது சோதனை பின்னால் என்னைக் காப்பாற்றியது.

ஒரு வேடிக்கையும் உண்டு. படிக்கும்போது எதிரெதிரே இருக்கும் 4உம் 5உம் அச்சில் ஒரே தாளில் இல்லை. 4 இரண்டாம் தாளில், 5 மூன்றாம் தாளில். படிக்கும்போதும் அச்சிலும் சேர்ந்தே இருக்கும் ஒரே ஜோடி நடுவில் இருக்கும் 18, 19தான். புத்தகம் தானாகவே விரிந்து படுக்கும் இடமும் அதுதான். கணக்குப் போட்டால் அது எட்டாவது பாட்டு. எல்லாரும் கைதட்டிப் பாடும், அதிகம் கேட்கப்படும் பாட்டை அங்கே நகர்த்தினேன்.

இரண்டாவது முயற்சி கடையில். 30 பிரதியை வீட்டுப் பிரிண்டரில் அடிக்கச் சோம்பலாக இருந்தது. தாள் வரிசையை இவ்வளவு படித்துவிட்டோமே என்ற மிதப்பு வேறு. 36 பக்கக் கோப்பை நானே கணினியில் தாள் வாரியாக அடுக்கினேன்:

```
pdfjam --paper a4paper --landscape --booklet true paattu.pdf --outfile thaal.pdf
```

18 படுக்கைவாட்டுப் பக்கங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஏ5. இதைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு எம்ஆர்டி பக்கத்தில் ஒரு அச்சுக்கடைக்குப் போனேன். "புக்லெட், நடுவுல ரெண்டு ஸ்டேப்பிள்" என்று சொன்னேன். கடைக்கார அங்கிள் தலையாட்டி, மாதிரிக்கு ஒரு தாள் எடுத்துக் கொடுத்தார். இடப்பாதி காலி. வலப்பாதியில் தீப்பெட்டிப் படம்போலப் பொடியாக 36உம் 1உம் பக்கத்தில் பக்கத்தில்.

அவர் மேல் தப்பில்லை. கடையின் இயந்திரமும் பக்கத்தை அடுக்கும், அதன் வேலையே அது. ஏற்கெனவே அடுக்கி வைத்த 18 பக்கத்தை அது ஒரு 18 பக்கப் புத்தகம் என்று எடுத்துக்கொண்டு, நான்கால் வகுபட 20 ஆக்கி, மறுபடி அடுக்கியிருக்கிறது. 20ஆவது வெற்றுப் பக்கம் இடப்பாதிக்கும், என் முதல் தாள் சுருங்கி வலப்பாதிக்கும் போயின. "தனித்தனிப் பக்கமா, படிக்கிற வரிசையில குடு. அடுக்கிறதை நாங்க பாத்துக்குவோம்" என்றார். விலை கேட்டேன். அட்டையோடு ஒரு பிரதி 4 வெள்ளி 20 காசு, 30 பிரதிக்கு 126 வெள்ளி. குழுவின் உண்டியலில் அவ்வளவு இல்லை. மாதிரித் தாளுக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கே திரும்பினேன்.

மூன்றாவது முயற்சி, வீட்டில். அடுக்கிய கோப்பு இங்கே உதவியது. திரையில் எல்லாப் புறங்களும் நேராக நிற்கும். பின்புறம் அடிக்கும்போது தாளைக் குட்டையான விளிம்பை அச்சாக வைத்துத் திருப்ப வேண்டும். தானாகத் திருப்பும் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் `Flip on short edge` என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். `Flip on long edge` போட்டால் பின்பக்கமெல்லாம் தலைகீழாக வரும். என்னைப்போல் கையால் திருப்புகிறவர்களுக்கு ஒரு பழைய தாள் போதும். தட்டில் வைக்கும்போது மேலே தெரியும் முகத்தில் பென்சிலால் ஓர் அம்பு போட்டு, முன்புறம் அடித்து, எப்படி வெளியே வருகிறது என்று பார்த்து, திரும்ப வைத்துப் பின்புறம் அடிக்க வேண்டும். அடித்த புறத்திலேயே மேலும் அடித்தால் கட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பின்புறம் தலைகீழாக வந்தால் கட்டை மேசைமேல் வைத்தபடியே அரைவட்டம் சுற்றி வைக்க வேண்டும். ஒரு முறை கண்டுபிடித்ததும் அந்த நிலையைப் பிரிண்டர் மூடியில் ஒரு துண்டுத் தாளில் வரைந்து ஒட்டிவிட்டேன்.

முதலில் பிரதி பிரதியாக அடித்தேன். அதாவது ஒன்பது தாளின் முன்புறம், திருப்பி வைத்து ஒன்பது தாளின் பின்புறம், ஆக ஒரு புத்தகம். நான்காவது புத்தகத்தில், பின்புறம் இன்னும் ஒன்று பாக்கி இருக்கும்போதே தாள் இல்லை என்று பிரிண்டர் நின்றது. ஒன்பது தாள்தானே வைத்தேன் என்று இன்னொரு தாளை வைத்து முடித்துவிட்டேன். அந்த முட்டாள்தனத்துக்கு இரவு பதினொன்றரை மணிதான் காரணம்.

மறுநாள் மடிக்கும்போது ஆறாம் தாளைக் கையில் எடுத்தேன். முன்புறம் 26, 11. கூட்டினால் 37. பின்புறம் 10, 27. அதுவும் 37. கூட்டல் சோதனையில் தேறிவிட்டது. ஆனால் 11இன் முதுகில் 12 இருக்க வேண்டிய இடத்தில் 10. நடுவே எங்கோ இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக உள்ளே போயிருக்கின்றன. தேடினால் ஐந்தாம் தாளின் பின்புறம் வெறுமையாக இருந்தது. நான்காம் தாளோடு ஒட்டிப் போய்விட்டது அது. அங்கிருந்து ஒவ்வொரு பின்புறமும் ஒரு தாள் தள்ளி விழுந்திருக்கிறது. ஒரு புறத்தை மட்டும் பார்த்தால் இந்தத் தப்பு தெரியவே தெரியாது. தாளைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.

தாள் ஏன் ஒட்டுகிறது என்பதற்கு நம் ஊர்க் காற்று ஒரு பதில். பிரித்து வைத்த தாள் கட்டு இங்கே இரண்டு நாளில் ஈரம் உறிஞ்சிவிடும். லேசர் பிரிண்டரின் சூட்டில் ஒரு முறை போய் வந்ததும் அது வளைந்து நிற்கும். சூடாக இருக்கும்போதே திரும்ப உள்ளே வைத்தால் இரண்டிரண்டாக இழுக்கிறது. பிறகு நான் செய்தது: முன்புறம் அடித்த கட்டைக் கால் மணி நேரம் ஆறவிட்டு, எதிர்ப்பக்கமாக மெல்ல வளைத்து நிமிர்த்தி, சீட்டுக்கட்டு விசிறுவதுபோல் விளிம்பை விசிறி, 20 தாளுக்கு மேல் ஒரே நேரத்தில் வைக்காமல் அடித்தேன். மீதிக் கட்டை உறையிலேயே மூடி வைத்தேன்.

உண்மையான தீர்வு வேறு. பிரதி பிரதியாக அடிப்பதையே விட்டுவிட்டேன். அடுக்கிய கோப்பின் முதல் பக்கத்தை, அதாவது 36 | 1 மட்டும், 30 தடவை. ஆறவிட்டு, திருப்பி, இரண்டாம் பக்கம் 2 | 35 மட்டும் 30 தடவை. முதல் தாள் முடிந்தது. பிறகு இரண்டாம் தாள். இப்படி அடிக்கும்போது கட்டில் இருக்கும் அத்தனை தாளும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு ஒட்டிப் போனாலும் ஒரு தாளின் பின்புறம் வெறுமையாக நிற்கும், அவ்வளவுதான். அடுத்த தாள்கள் எதுவும் இடம் பெயராது. அந்த ஒன்றை மட்டும் மறுபடி அடித்துக்கொள்ளலாம். கடைசியில் ஒன்பது குவியலைச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி வைத்து, மகளும் அவளுடைய தோழியும் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்கள். ஒன்பதாம் தாளில் தொடங்கி அதன் மேல் எட்டு, அதன் மேல் ஏழு என்று, முன்புறம் மேலே தெரியும்படி வைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் அட்டை மேலே இருக்கும்.

முதல் தாளுக்கு 160 ஜிஎஸ்எம் இளமஞ்சள் கார்டு தாள் வாங்கினேன், மற்றதெல்லாம் சாதாரண 80 ஜிஎஸ்எம். இங்கே ஒரு குழியில் விழுந்தேன். அட்டைத் தாள் என்றால் அட்டை மட்டும் என்று மனம் நினைக்கிறது. பட்டியலைப் பாருங்கள்: முதல் தாளின் பின்புறத்தில் 35 இருக்கிறது, கடைசிப் பாட்டின் ஆங்கில எழுத்துப் பக்கம். அதில் ஓர் எழுத்துப் பிழையை அக்கா கண்டுபிடித்தபோது 30 அட்டையும் அடித்து ஆறிக்கொண்டிருந்தன. சாதாரணத் தாள் என்றால் மனம் வலிக்காது. கார்டு தாள் கட்டில் 50தான் இருந்தது, மீதி 20. மறுநாள் இன்னொரு கட்டு வாங்கினேன். இன்னொரு விளைவு, புத்தகத்தின் கடைசிப் பாட்டில் தமிழ் வெள்ளைத் தாளிலும் ஆங்கில எழுத்து மஞ்சள் அட்டையிலும் இருக்கும். யாரும் குறை சொல்லவில்லை, எனக்குத்தான் கண்ணை உறுத்துகிறது.

மடிப்பது. ஏ4 தாளின் நார் பெரும்பாலும் நீளவாட்டில் ஓடும். ஏ5ஆக மடிக்கும்போது அந்த நாருக்குக் குறுக்கே மடிக்கிறோம். மெல்லிய தாளில் தெரியாது, கார்டு தாளில் மடிப்பு விளிம்பு சொரசொரவென்று வெடிக்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை எஃகு அடிக்கோலை ஒட்டி இழுத்து, 148.5 மில்லிமீட்டரில் ஒரு பள்ளம் போட்ட பிறகு மடித்தேன். வெடிப்பு நின்றது. உள் தாள் எட்டையும் ஒன்றாகத் தட்டி விளிம்பு சேர்த்து மடித்து, ஒரு கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தேன். அதற்கு மேல் அட்டை.

பின் அடிப்பதற்குச் சாதாரண ஸ்டேப்ளர் எட்டாது. விளிம்பிலிருந்து மடிப்பு கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. முதல் மாதிரிக்கு ஸ்டேப்ளரைத் திறந்து, கீழே பழைய யோகா பாயை வைத்து, மேலிருந்து குத்தி, பின்னின் கால்களைக் கரண்டியால் மடக்கினேன். நடக்கிற காரியம்தான், ஆனால் ஒரு புத்தகத்துக்கு ஐந்து நிமிஷம், பின்னும் கோணல். நீளக்கை ஸ்டேப்ளர் ஒன்று 23 வெள்ளிக்கு வாங்கினேன். சாதாரண 24/6 பின்னே ஒன்பது தாளுக்குப் போதும். முதுகின் நீளம் 210 மில்லிமீட்டர். மேலிருந்து 52, கீழிருந்து 52இல் ஒவ்வொரு பின். பின்னின் முதுகு அட்டைக்கு வெளியே, கால்கள் 18, 19க்கு நடுவே மடங்க வேண்டும். புத்தகத்தைக் கூரைபோல் கவிழ்த்து, மடிப்பு ஸ்டேப்ளர் தடத்தின் மேல் நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு அழுத்தினேன். இரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் புத்தகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு திறக்கும். மூன்று புத்தகத்தில் பின்னைப் பிடுங்கி மறுபடி அடித்தேன்.

மடித்த பிறகு திறக்கும் விளிம்பைப் பார்த்தால் நேராக இல்லை. நடுத் தாள்கள் கூம்புபோல் வெளியே தள்ளி நிற்கின்றன. வெளித் தாள்கள் உள் தாள்களின் தடிமனைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும், நடுத் தாளுக்கு அந்தச் சுற்று இல்லையே, அதனால் மிஞ்சுகிறது. 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். என் ஒன்பது தாளில் நடுத் தாள் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீட்டிக்கொண்டிருந்தது. எஃகு அடிக்கோலை அழுத்திப் பிடித்து, புது பிளேடு போட்ட கத்தியால் ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல் நாலைந்து மென்மையான இழுப்பில், இரண்டு மில்லிமீட்டர் சீவினேன். வெளி ஓரம் 12 வைத்திருந்ததால் எழுத்துக்கு ஆபத்தில்லை. பக்க எண்ணை வெளி மூலையில் வைக்காமல் அடியில் நடுவில் வைத்ததும் நல்லதாயிற்று. மூலையில் இருந்திருந்தால் நடுப்பக்கங்களில் எண் விளிம்பை முத்தமிட்டுக்கொண்டிருக்கும். பத்துப் புத்தகம் சீவியதும் கை வலித்தது. மீதி 20 கூம்பாகவே போயிற்று. பாடுகிறவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

செலவு: தாள் கட்டு 6 வெள்ளி 50 காசு, கார்டு தாள் இரண்டு கட்டு 15 வெள்ளி 80 காசு, ஸ்டேப்ளர் 23 வெள்ளி, பின் பெட்டி 1 வெள்ளி 80 காசு. மொத்தம் 47 வெள்ளி 10 காசு. டோனர் வீட்டுக் கணக்கு. கெட்டுப்போன தாள் 50ஐத் தாண்டும். அதன் வெற்றுப் புறத்தில் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த தடவை அட்டையின் உட்புறத்தில், அதாவது 2இலும் கடைசிக்கு முந்தைய பக்கத்திலும், எந்த எழுத்தும் வைக்க மாட்டேன். அட்டையைத் தனியாக, எல்லாம் சரிபார்த்த பிறகு கடைசியில் அடிப்பேன். உள் தாளில் பிழை வந்தால் அந்த ஒரு தாளோடு போகும். அப்படி இரண்டு பக்கத்தைக் காலியாக விட்டால் கடைசிப் பாட்டுக்கு இடமில்லாமல் போகும், 15 பாட்டுதான் 36க்குள் அடங்கும் என்று அக்காவிடம் சொல்லப் போனேன். அவர் அதற்குள் வேறொரு யோசனையில் இருந்தார்.

"தம்பி, இன்னும் ஒரே ஒரு பாட்டு சேர்க்கணும். ரெண்டு பக்கம்தானே?"

"ரெண்டு பக்கம் சேர்க்க முடியாதுக்கா. சேர்த்தா நாலா சேர்க்கணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ ரெண்டு பாட்டாக் குடுக்கறேன்" என்றார். இப்போதைய 16, புதிதாக 2, அட்டையின் உட்புறம் இரண்டும் காலி. வீட்டுக்கு வந்து துண்டுத்தாளில் எண் போட்டுப் பார்த்தேன். அட்டை 1, வெற்று 2, பொருளடக்கம் 3, பாட்டு 4 முதல் 39 வரை. 40 வெற்று, 41 பின்னட்டை. 41.

பொருளடக்கத்தை முன்னட்டையிலேயே அச்சடித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது மொத்தம் 40 வரும், ஆனால் முதல் பாட்டு 3இல் தொடங்கும்.

மறுபடி வேண்டாம். அக்காவிடம் மூன்று பாட்டாகக் கேட்கப் போகிறேன். 4 முதல் 41 வரை பாட்டு, 42 காலி, 43 வெற்று, 44 பின்னட்டை. 11 தாள். இந்த ஸ்டேப்ளர் தாங்கும்.